ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் பயிற்சி: எங்கே சறுக்குகிறோம்?

ஒரு கிடங்கில் சரக்கு வரவு பதியும் மென்பொருளை மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழையதில் எண்ணிக்கையைத் தட்டி என்டர் அழுத்தினால் போதும், பதிவு சேமிக்கப்பட்டுவிடும். புதியதில் என்டர் அழுத்தினால் அடுத்த கட்டத்துக்குப் போகும், அவ்வளவுதான். எல்லாம் நிரப்பியபின் தனியாக 'உறுதிசெய்' பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் பதிவு வரைவாகவே கிடக்கும், இருப்புக் கணக்கில் ஏறாது.

அரைநாள் பயிற்சி நடக்கிறது. திரையில் ஒவ்வொரு மெனுவாகத் திறந்து காட்டுகிறார்கள். கடைசியில் எல்லோரும் ஆளுக்கு ஒரு பதிவு போட்டுக் காட்டுகிறார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து, லாரிகள் வரிசையாக வந்து நிற்கும் ஒரு நாளில் இருப்புக் கணக்கு உதைக்கிறது. தேடிப் பார்த்தால் வரைவுகள் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலும் பல வருட அனுபவம் உள்ளவர்கள் போட்டவை. போன மாதம் சேர்ந்த இளைஞர் இந்தத் தவறைச் செய்யவில்லை. உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள்: "வயசானவங்களுக்கு இதெல்லாம் ஏறாது."

ஆனால் இங்கே கோளாறு செய்தது வயது அல்ல, பழக்கம். அந்த இளைஞர் பழைய மென்பொருளைத் தொட்டதே இல்லை, அதனால் அவர் கையில் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை. மூத்தவரின் விரலோ வருடக்கணக்காக என்டரோடு வேலையை முடித்துப் பழகியது. நிதானமாக இருக்கும்போது புதிய முறை நினைவுக்கு வரும். அவசரத்தில் பழையது முந்திக்கொள்ளும். முன்பு கற்றது பின்பு கற்பதில் இப்படிக் குறுக்கிடுவதை உளவியலில் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். குழந்தைக்குக் கற்பிக்கும்போது இந்தச் சிக்கல் குறைவு, மாற்றியெழுத வேண்டிய பழக்கம் அதனிடம் அதிகம் இல்லை. பள்ளி வகுப்பின் அச்சிலேயே பெரியவர்களுக்கும் பயிற்சி தயாரிக்கும்போது நாம் கோட்டைவிடுவது இதைத்தான்.

தெரியாமல் செய்த தவறா, பழக்கத்தால் வந்த தவறா என்று கண்டுபிடிப்பது சுலபம். தெரியாதவர் பாதியில் நிற்பார், பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார், திரையில் தேடுவார். பழக்கத்தால் தவறுபவர் எங்கேயும் தடுமாற மாட்டார். மளமளவென்று முடித்துவிட்டு அடுத்த லாரிக்குப் போய்விடுவார், தவறு நடந்ததே அவருக்குத் தெரியாது. இவரைக் கூப்பிட்டு அதே பயிற்சியை மறுபடி நடத்துவது வீண்வேலை. கேட்டால் 'உறுதிசெய்' அழுத்த வேண்டும் என்று அவரே சரியாகச் சொல்வார்.

அப்படியானால் என்ன செய்வது? மெனுவில் ஆரம்பிக்காமல், அவர் நேற்று வரை செய்துவந்த வேலையில் ஆரம்பிக்க வேண்டும். ஒரு சரக்கு வரவைப் பழைய முறையில் படிப்படியாக அவரையே சொல்லச் சொல்லி, ஒவ்வொரு படிக்கும் எதிரே புதிய முறையை எழுதுங்கள். சில படிகள் அப்படியே இருக்கும், அவற்றில் நேரம் செலவழிக்க வேண்டாம். சில முழுக்கப் புதியவை, அவற்றைச் சொல்லிக்கொடுத்தால் போதும். ஆபத்தானது மூன்றாவது வகை: பார்க்கப் பழையது மாதிரியே இருந்து வேறு வேலை செய்பவை. நம் கதையில் என்டர். பயிற்சி நேரத்தில் பெரும்பகுதி இந்த மூன்றாவது வகைக்கே போக வேண்டும்.

அதுவும் ஒரே ஒரு பதிவு போட்டுப் பார்த்தால் பழக்கம் மாறாது. பயிற்சிக்கான தனித் தரவுத்தளத்தில் பத்துப் பதினைந்து பதிவுகளைத் தொடர்ந்து போடச் சொல்லுங்கள். நடுவில் போன் வரட்டும், யாராவது வந்து ஏதாவது கேட்கட்டும். நிஜ வேலை அப்படித்தானே நடக்கிறது? முடிந்ததும் வரைவுப் பட்டியலை அவரே திறந்து பார்க்கட்டும். அதில் தன் பதிவுகள் இரண்டு கிடப்பதைப் பார்ப்பவருக்கு நாம் தனியாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று: காலையில் பழைய மென்பொருள், மாலையில் புதியது என்று ஒரே ஆளை இரண்டிலும் மாறி மாறி ஓடவிடாதீர்கள். பழைய பழக்கத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம் அது. இணையாக ஓட்டித்தான் தீர வேண்டும் என்றால் ஆட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். சேமிக்காமல் வெளியேறினால் எச்சரிக்கை வரும்படி மென்பொருளிலேயே வைக்க முடிந்தால், எந்தப் பயிற்சியையும்விட அது மேல்.

சரி, வயதால் எதுவுமே மாறுவதில்லையா? மாறுகிறது. புதிய தகவலைக் கையாளும் வேகம் இளம்பருவத்துக்குப் பிறகே மெல்லக் குறையத் தொடங்குகிறது. சொல்வளமும் அனுபவ அறிவும் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் வளர்கின்றன அல்லது நிலைத்து நிற்கின்றன. புதியதைச் சமாளிக்கும் திறனும் சேர்த்துவைத்த அறிவும் வேறு வேறு என்று உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் பிரித்துக் காட்டியது இதைப் புரிந்துகொள்ள உதவும். ஆகவே பயிற்சியாளர் தன் வேகத்தில் சொடுக்கிக்கொண்டே போவதும், அதே நேரத்தில் பேசுவதும், கையில் கொடுத்த தாளையும் பார்க்கச் சொல்வதும் மூத்தவரை அவருடைய பலவீனமான இடத்தில் சோதிப்பதாகும். சுட்டி அவர் கையில் இருக்கட்டும், வேகத்தையும் அவரே தீர்மானிக்கட்டும். இளையவர்களோடு உள்ள இடைவெளி இதனால் மொத்தமாக மறையாவிட்டாலும் நன்றாகக் குறையும். எழுத்தையும் பெரிதாக்குங்கள். நாற்பதுகளில் வரும் வெள்ளெழுத்தைப் பல இடங்களில் மந்தபுத்தி என்று தப்புக்கணக்குப் போடுகிறார்கள்.

பிரிட்டனில் யூனிஸ் பெல்பினும் மெரிடித் பெல்பினும் 1960களிலேயே மூத்த தொழிலாளர்களின் பயிற்சியை ஆராய்ந்திருக்கிறார்கள். விளக்கிச் சொல்லி மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, வேலையைச் சிறு சிறு புதிர்களாக்கி அவர்களே செய்து கண்டுபிடிக்கவிடுவது மூத்தவர்களுக்குப் பொருந்துகிறது என்பது அவர்கள் முன்வைத்த வழி. ஆனால் புதிரைக் கவனமாக அமைக்க வேண்டும். தவறான வழியிலேயே பத்து முறை போக விட்டால், அந்தத் தவறும் ஒரு பழக்கமாகிவிடும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் ஒரு சறுக்கல் உண்டு. "பெரியவர்கள் தாங்களே கற்றுக்கொள்வார்கள்" என்று சொல்லி, காணொளி இணைப்பை அனுப்பிவிட்டுக் கைகழுவுவது. முதியோர் கல்வி என்றாலே நினைவுக்கு வரும் மால்கம் நோல்ஸ், பெரியவர்கள் சுயமாக இயங்கிக் கற்பவர்கள் என்று அழுத்திச் சொன்னவர்தான். ஆனால் 1970இல் பெரியவர், குழந்தை என்று எதிரெதிராக வைத்துப் பேசிய அவரே, 1980இல் அதைத் தளர்த்தி, சூழலைப் பொறுத்து இரண்டு வழிகளும் இருவருக்கும் பொருந்தலாம் என்றார். தன் வேலையில் கைதேர்ந்த ஒருவர் முன்பின் அறியாத ஒரு துறைக்குள் நுழைந்தால், அங்கே அவரும் தொடக்கநிலைக்காரர்தான். முதல் சில தடவை பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஆள் வேண்டும்.

அப்புறம், "எல்லோருக்கும் புரிந்ததா?" என்று கேட்டுவிட்டு, யாரும் பேசாததைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது. மகன் வயதுள்ளவர்கள் முன்னால் 'புரியவில்லை' என்று சொல்ல எந்த மேற்பார்வையாளரும் தயங்குவார். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, "சேதமான பெட்டிகளோடு ஒரு சரக்கு வந்திருக்கிறது, எப்படிப் பதிவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய அனுபவமும் வெளியே வரும், விட்டுப்போன படியும் தெரியும்.

பயிற்சி தேறியதா என்பதை அன்று மாலையே சோதிப்பதில் பயனில்லை. புதியது அப்போது மனதில் சூடாக இருக்கும். மூன்றாவது வாரத்தில், நெரிசலான ஒரு நாளின் முடிவில், வரைவுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். யாருடைய பதிவுகள் கிடக்கின்றனவோ, அவரோடு மட்டும் அந்த ஒரு படியை வைத்துப் பத்து நிமிடம் உட்காருங்கள்.