நம்பருக்கு Only me குடுத்துட்டா முடிஞ்சுதா? ப்ரொஃபைல்ல நான் பண்ணி, இப்ப எல்லாரும் பண்ற தப்பு

கம்பெனிகளோட சோஷியல் மீடியா பேஜ் பாத்துக்கறதுதான் என் பொழப்பு. டீம்ல புதுசா யார் சேர்ந்தாலும் முதல் நாள் அவங்க சொந்த ஃபேஸ்புக் ப்ரொஃபைலை சரி பண்ண வச்சுட்டுதான் பேஜ் பக்கமே விடுவேன். போன வாரம் சேர்ந்த பொண்ணு, "அண்ணா, நம்பருக்கு Only me குடுத்துட்டேன், வேலை முடிஞ்சுது"ன்னு லேப்டாப்பை மூடுச்சு. எனக்கு பக்குனு ஆயிடுச்சு. சில வருஷம் முன்னாடி நானும் இதையே சொல்லிட்டு நிம்மதியா இருந்தவன்தான், அந்த நிம்மதிக்கு ஒரு மாச சம்பளம் போச்சு.

பாஸ்வேர்டை யார்கிட்டயும் சொல்லாதீங்க, கார்டை போட்டோ எடுத்து போடாதீங்கன்னு எல்லாம் இங்க சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

நம்பரைக் காட்டறது வேற, நம்பரை வச்சு கண்டுபிடிக்கறது வேற

இதைத்தான் திரும்பத் திரும்ப சொல்லி எனக்கு வாய் வலிக்குது. ப்ரொஃபைல்ல உங்க நம்பர் பக்கத்துல Only me போட்டா, உங்க பக்கத்துக்கு வர்றவனுக்கு நம்பர் தெரியாது, அவ்வளவுதான். ஆனா ஏற்கனவே நம்பர் கையில இருக்கறவன் அதை வச்சு உங்க பக்கத்தைப் பிடிக்கறதுக்கும் அந்த செட்டிங்குக்கும் சம்பந்தமே இல்ல. அது தனி செட்டிங், வேற மெனுவுல ஒளிஞ்சிருக்கும், நாம தொடாத வரைக்கும் பெரும்பாலும் எல்லாருக்கும் திறந்துதான் கிடக்கும்.

நடந்தது இதான். பழைய கேமரா ஒண்ணை விக்கறதுக்கு விளம்பரம் குடுத்தேன், பேர் போடல, போட்டோ போடல, வெறும் நம்பர். பத்துப் பதினஞ்சு பேர் கூப்பிட்டாங்க, கேமராவும் வித்துடுச்சு. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு போன், பேங்க்ல இருந்து பேசறேன், கார்டு பிளாக் ஆகப் போகுதுன்னு. வழக்கமா இப்படி வந்தா கட் பண்ணிடுவேன். ஆனா அந்தாளு என்கிட்ட எதுவும் கேக்கல, அவனே என் முழுப் பேரையும் பிறந்த தேதியையும் வருஷத்தோட சொல்லிட்டு, "சரிதானே சார்?"னு மட்டும் கேட்டான். பேங்க்ல இல்லாதவனுக்கு இது எப்படித் தெரியும்னு நெனச்சு, அடுத்து வந்த ஓடிபியை வாசிச்சுட்டேன். மிச்சத்தை சொல்ல வேண்டியதில்ல.

அப்புறம்தான் உக்காந்து பாத்தேன். தங்கச்சியோட பழைய போன்ல புதுசா ஒரு ஃபேஸ்புக் கணக்கு ஆரம்பிச்சு, என் நம்பரை "பிளம்பர்"னு சேவ் பண்ணி, காண்டாக்ட்ஸுக்கு அனுமதி குடுத்தேன். கொஞ்ச நேரத்துல, உங்களுக்குத் தெரிஞ்சவரான்னு என் மூஞ்சியே வந்து நிக்குது! நம்பருக்கு Only me அப்படியே இருக்கு, ஆனா நம்பர்ல இருந்து பேருக்கு வந்தாச்சு. பேர்ல இருந்து பிறந்தநாளுக்குப் போறது அதைவிட சுலபமா இருந்துச்சு, அதை கீழ சொல்றேன். கூப்பிட்டவன் இப்படித்தான் வந்தான்னு என்னால நிரூபிக்க முடியாது, ஆனா வழி திறந்து கிடந்தது நிஜம்.

இது எனக்கு மட்டும் நடந்த கதை இல்ல. 2021 ஏப்ரல்ல ஃபேஸ்புக் பயனர்கள் சுமார் 53 கோடி பேரோட நம்பரும் பேரும் வெளிய வந்துச்சு ஞாபகம் இருக்கா? அதுல யாரும் சர்வரை உடைக்கல. 2019 செப்டம்பருக்கு முன்னாடி காண்டாக்ட் லிஸ்ட்டை ஏத்தி நண்பர்களைத் தேடற வசதி இருந்துச்சுல்ல, அதுலயே கூட்டம் கூட்டமா நம்பர்களை ஏத்தி, எந்த நம்பர் யாரோடதுன்னு அள்ளிட்டுப் போனாங்க. ப்ரொஃபைல்ல நம்பரை மறைச்சு வச்சிருந்தவங்களும் மாட்டினாங்க. இதுக்காக 2022-ல அயர்லாந்து ரெகுலேட்டர் மெட்டாவுக்கு 26.5 கோடி யூரோ அபராதம் போட்டாங்க.

சரி, எங்க மாத்தணும்? ஃபேஸ்புக்ல Settings போய் "How people find and contact you" தேடுங்க, அதுக்குள்ள "Who can look you up using the phone number you provided?"னு இருக்கும். அதை Only me ஆக்குங்க, கீழயே மெயில் ஐடிக்கும் இதே மாதிரி ஒண்ணு இருக்கும், அதையும் மாத்துங்க. டெலிகிராம்ல இன்னும் குசும்பு: Phone Number-க்கு Nobody குடுத்தாதான் கீழ "Who can find me by my number"னு ரெண்டாவது கேள்வியே தெரியும், அங்க Everybody-ல இருந்து My Contacts-க்கு மாத்தணும். நம்ம ஆளுங்க மேல Nobody குடுத்த சந்தோஷத்துலயே வெளிய வந்துடறாங்க. வாட்ஸப்ல நம்பரை வச்சு கண்டுபிடிக்கறதை நிறுத்தவே முடியாது, அதனால அங்க போட்டோவையும் அபௌட்டையும் My contacts ஆக்கி வைக்கறதுதான் வழி.

மாத்தினதுக்கு அப்புறம், நான் பண்ண அதே பிளம்பர் டெஸ்ட்டை, உங்க பிரெண்ட் லிஸ்ட்ல இல்லாத ஒரு கணக்குல இருந்து பண்ணிப் பாருங்க. View as வச்சு பாத்து திருப்தி ஆகாதீங்க, அது பக்கத்துல என்ன தெரியுதுன்னுதான் காட்டும், உங்களை எப்படிக் கண்டுபிடிக்கறாங்கன்னு காட்டாது. இன்னொண்ணு, ஏற்கனவே எவனாவது எடுத்து வச்சிருந்தா செட்டிங் மாத்தறதால அது திரும்பி வராது.

வருஷத்தை மட்டும் மறைச்சா போதும்னு நெனைக்கறது

ஃபேஸ்புக்ல தேதி மாசத்துக்கு ஒண்ணு, வருஷத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு பூட்டு இருக்கும். நான் வருஷத்தைப் பூட்டிட்டு, நாலு பேர் வாழ்த்து சொல்லட்டுமேன்னு தேதியைத் திறந்து விட்டிருந்தேன். ஆனா என் சிநேகிதன் ஒருத்தன் எனக்கு கேக் வெட்டின போட்டோவை என்னை டேக் பண்ணி பப்ளிக்கா போட்டிருக்கான், கேக் மேல 4, 0-ன்னு ரெண்டு மெழுகுவர்த்தி. போட்டோ போட்ட வருஷத்துல நாப்பதைக் கழிச்சா முடிஞ்சுது கணக்கு.

தேதியையே மறைச்சாலும் உங்க டைம்லைன்ல வருஷா வருஷம் ஒரே நாள்ல வாழ்த்து குவிஞ்சா அதுவே தேதி. அதனால பழைய வாழ்த்து போஸ்ட்டை எல்லாம் பிரெண்ட்ஸுக்கு மட்டும்னு மாத்துங்க, டேக் பண்றதை ரிவ்யூல போடுங்க. டேக்கை எடுத்தா உங்க பக்கத்துலதான் போகும், அவன் பக்கத்துல போட்டோ அப்படியே இருக்கும், அதுக்கு அவனையே கூப்பிட்டு சொல்லணும். நான் சொன்னேன். சிரிச்சுட்டு மாத்தினான், அடுத்த பிறந்தநாளுக்கு கேள்விக்குறி மாதிரி ஒரு மெழுகுவர்த்தி வாங்கிட்டு வந்தான்.

பொய் பிறந்தநாள் குடுக்கறது

புத்திசாலித்தனம்னு நெனச்சு பண்ணுவாங்க. கணக்கு லாக் ஆகி ஐடி ப்ரூஃப் கேக்கும்போது தேதி ஒத்துப்போகாம முழிப்பாங்க. உண்மையைக் குடுத்துட்டு மறைச்சு வைங்க.

லாகின் மெயிலையே காண்டாக்ட்னு போடறது

பாதி பூட்டை நீங்களே திறந்து குடுக்கறீங்க. தொழிலுக்கு தனியா ஒண்ணு ஆரம்பிச்சு அதைப் போடுங்க, நம்பருக்கும் இதேதான்.

வீட்டு அட்ரஸ்

வேணாம்.