பொது யோகா வகுப்புக்கு கேப்ஷன் எழுதுவது எப்படி: யார் வரலாம், என்ன கொண்டு வரணும், யார் டாக்டரைக் கேட்டுவிட்டு வரணும்

எங்கள் பொது யோகா வகுப்புக்காக இன்ஸ்டாகிராமில் முதன்முதலில் நான் எழுதிய கேப்ஷன் இது: "அனைவருக்குமான யோகா! எல்லா வயதினரும் வரலாம். பாய், தண்ணீர் கொண்டு வரவும். உடல்நலக் குறைபாடு உள்ளவர்கள் மருத்துவரை ஆலோசிக்கவும்." படித்தால் குறை ஒன்றும் தெரியாது. ஆனால் அன்று வந்தவர்களில் ஒருவருக்குத் தரையில் உட்கார்ந்தால் பிடிமானம் இல்லாமல் எழ முடியாது. இன்னொருவர் காலையில் இன்சுலின் போட்டுவிட்டு, யோகா என்றால் வெறும் வயிறுதானே என்று எதுவும் சாப்பிடாமல் வந்து பாதியில் வியர்த்துப்போய் உட்கார்ந்துவிட்டார். வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டும்போது ஒரு அம்மா, தான் க்ளாகோமா என்ற கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து போடுவதாகப் பேச்சுவாக்கில் சொன்னார், அதுவரை எங்களோடு சேர்ந்து எத்தனையோ முறை தலைகீழாகக் குனிந்து நிமிர்ந்திருந்தார். மூன்று பேரும் கேப்ஷனைப் படித்துவிட்டு வந்தவர்கள்தான். தங்களைப் பற்றி அதில் ஒரு வரி இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நான் எழுதும் முறை வேறு. கேப்ஷனை முதலில் எழுதுவதே இல்லை.

படி 1: முதலில் வகுப்பை எழுதுங்கள்

ஒரு தாளில் அன்று என்னென்ன செய்யப்போகிறீர்கள் என்று வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு என்னுடைய ஒரு மணி நேர வகுப்பு: உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது, கழுத்து, தோள், இடுப்பைத் தளர்த்துவது, சூரிய நமஸ்காரம் மெதுவாக 4 சுற்று, ஒற்றைக் காலில் நிற்கும் விருக்ஷாசனம், கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பஸ்சிமோத்தானாசனம், மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி, கடைசியில் மல்லாந்து படுத்து சவாசனம்.

எழுதியாயிற்றா? ஒவ்வொன்றின் பக்கத்திலும் உடம்பு என்ன செய்கிறது என்று சாதாரண வார்த்தையில் குறியுங்கள். சூரிய நமஸ்காரத்தை எடுத்துக்கொண்டால், நாங்கள் செய்யும் 12 நிலைகளில் 3, 5, 8, 10 ஆகிய நான்கிலும் தலை இடுப்புக்குக் கீழே போகிறது. 4 சுற்று என்றால் 16 முறை. நடுவில் உடம்பின் எடை மணிக்கட்டுக்கு வருகிறது, முழங்கால் தரையில் படுகிறது. இந்தக் குறிப்பிலிருந்துதான் கேப்ஷனின் மூன்று பகுதிகளும் வரும், தனியாக யோசித்து எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

படி 2: நிலை என்ன என்பதை வேலையாகச் சொல்லுங்கள்

"ஆரம்பநிலை" என்ற சொல்லை நம்பாதீர்கள். பத்து வருடம் ஓட்டப் பயிற்சி செய்த ஒருவரும் அதைப் படித்துத் தனக்கென்று நினைப்பார், முழங்கால் வலியால் மாடிப்படி ஏறாத ஒருவரும் நினைப்பார். அதற்குப் பதிலாக வந்தவரால் எதைச் செய்ய முடியணும் என்று எழுதுங்கள். என் வகுப்புக்கு இரண்டே கேள்விதான்: யார் உதவியும் இல்லாமல் தரையில் உட்கார்ந்து எழ முடியுமா? இரண்டு கையையும் முழங்காலையும் ஊன்றி, நாலு கால் பிராணி மாதிரி ஒரு நிமிடம் இருக்க முடியுமா? முடியும் என்றால் வரலாம். இதுவரை யோகா செய்ததே இல்லை என்றாலும் பரவாயில்லை.

முடியாதவரை என்ன செய்வது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து செய்ய மாற்று சொல்லித்தர உங்களுக்குத் தெரியும் என்றால் அதை எழுதலாம். தெரியாது என்றால் "இந்த வகுப்பில் நாற்காலிப் பயிற்சி இல்லை" என்று எழுதிவிடுங்கள். கொஞ்சம் கறாராகத் தெரியும்தான், ஆனால் வந்து ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதைவிட அது மேல்.

படி 3: என்ன கொண்டு வரணும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாய், தண்ணீர், ஒரு பெரிய துண்டு. துண்டு எதற்கு என்று ஒரு வார்த்தை சேர்த்தால்தான் கொண்டு வருவார்கள்: மடித்து முழங்காலுக்கு அடியில் வைக்க, படுக்கும்போது தலைக்கு வைக்க, குனியும்போது பாதத்தில் மாட்டி இழுக்க. வகுப்பு புல்தரையில் என்றால் ரொம்ப மெத்தென்ற பாய் ஒற்றைக் காலில் நிற்கும்போது ஆட்டம் காட்டும், சாதாரண பாயே போதும். உடையைப் பற்றி எழுதினால் "தளர்வான உடை" என்று மட்டும் நிறுத்தாதீர்கள், தலையைக் கீழே கொண்டுபோனதும் சட்டை முகத்தில் வந்து விழும். செருகிவிடும்படி இருக்கட்டும் என்று சொல்லிவிடலாம்.

ஒரு வரியில் மட்டும் நின்று யோசியுங்கள். "வெறும் வயிற்றில் வரவும்" என்று எல்லோரும் எழுதுகிறோம். வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டு குனிந்தால் எதுக்களிக்கும் என்பதால் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி நல்லதுதான். ஆனால் இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர் அந்த வரியை அப்படியே பின்பற்றினால் நடு வகுப்பில் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். கை நடுக்கம், வியர்வை, குழப்பமான பேச்சு என்று அது வரும்போது பலர் "வெயிலாக இருக்கும்" என்று தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். அதனால் நான் எழுதுவது: "வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டையும் மருந்தையும் எங்களுக்காக மாற்ற வேண்டாம், இனிப்பாக ஏதாவது கையில் வைத்திருங்கள்."

படி 4: டாக்டரைக் கேட்க வேண்டியவர் யார்

இங்கேதான் பெரும்பாலான கேப்ஷன்கள் வழுக்குகின்றன. "உடல்நலக் குறைபாடு உள்ளவர்கள்" என்றால் யாரும் தன்னைச் சொல்வதாக எடுத்துக்கொள்வதில்லை. தினமும் மாத்திரை போட்டு நன்றாக இருப்பவருக்குத் தனக்குக் குறைபாடு என்ற நினைப்பே இருக்காது. ஆகவே நோயின் பெயரையோ, அவர் தினமும் செய்யும் காரியத்தையோ எழுதணும். "கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து போடுபவர்கள்" என்றால் அந்த அம்மா நின்றிருப்பார்.

படி 1இல் எழுதிய தாளை மறுபடி எடுங்கள். தலை கீழே போகும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், அது வலிக்காது என்பதால் செய்பவருக்குத் தெரியவும் தெரியாது. எனவே க்ளாகோமா, விழித்திரைப் பிரச்சினை, சமீபத்தில் கண் அறுவை செய்தவர்கள். அதே அசைவு கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் ஆகாது. பிபிக்கு மாத்திரை எடுப்பவர்களில் சிலருக்குக் குனிந்து சட்டென்று நிமிர்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும், அவர்களையும் சேருங்கள். முதுகை வளைத்து முன்னால் குனிவதில் டிஸ்க் பிரச்சினை உள்ளவர்களுக்கு வலி கூடலாம், எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு முதுகெலும்பே நசுங்கி விரிசல் விடலாம்.

கபாலபாதியில் வயிற்றை வெட்டி வெட்டி இழுக்கிறோம், அதனால் கர்ப்பிணிகள், ஹெர்னியா உள்ளவர்கள், அண்மையில் வயிற்றில் அறுவை நடந்தவர்கள், இதய நோயாளிகள் என்று ஒரு கூட்டமே வருகிறது. கர்ப்பிணிகளுக்கு சவாசனத்திலும் ஒரு விஷயம் உண்டு: 16 வாரத்துக்குப் பிறகு நீண்ட நேரம் மல்லாந்து படுத்தால், இதயத்துக்கு ரத்தம் திரும்பிப் போகும் பெரிய குழாயைக் கருப்பை அழுத்தும். பக்கவாட்டில் படுக்கச் சொல்லணும்.

எழுதிப் பார்த்தபோது என் பட்டியல் கேப்ஷனில் பாதி இடத்தைப் பிடித்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது, முதல் தடவை வருகிறவர்களுக்கு கபாலபாதி எதற்கு? அதை எடுத்துவிட்டு மூக்கின் இரண்டு துவாரத்திலும் மாற்றி மாற்றி மெதுவாக மூச்சு விடும் நாடிசுத்தி வைத்தேன், மூச்சை அடக்காமல். பஸ்சிமோத்தானாசனத்துக்குப் பதில் மல்லாந்து படுத்து, ஒரு காலைத் துண்டால் பிடித்து நீட்டுவது. பட்டியல் கொஞ்சம் சுருங்கியது. உங்கள் டாக்டர் வரிகள் மற்ற எல்லா வரிகளையும்விட நீளமாக இருந்தால் வெட்ட வேண்டியது கேப்ஷனை இல்லை, வகுப்பை.

படி 5: டாக்டரிடம் என்ன கேட்பது என்றும் எழுதிக்கொடுங்கள்

"யோகா செய்யலாமா டாக்டர்?" என்று போய்க் கேட்டால் "தாராளமா செய்யுங்க" என்றுதான் பதில் வரும். அவர் மனதில் மூச்சுப் பயிற்சி ஓடும், உங்கள் வகுப்பில் 16 முறை தலை கீழே போவது அவருக்கு எப்படித் தெரியும்? எனவே கேள்வியை அசைவாக்கிக் கொடுங்கள்: "தலையை இடுப்புக்குக் கீழே கொண்டுபோய்ச் சில நொடி இருக்கலாமா?"

அப்புறம், டாக்டரைக் கேட்டுவிட்டு வர வேண்டியவர் வேறு, அன்று மட்டும் வரக்கூடாதவர் வேறு. காய்ச்சல், தலைசுற்றல் இருந்தால் அடுத்த வாரம் வரலாம். நெஞ்சுவலி என்றால் அடுத்த வாரம்வரை பொறுக்காமல் உடனே மருத்துவமனை. இதைத் தனி வரியாக வையுங்கள்.

படி 6: சேர்த்து எழுதுவது

இன்ஸ்டாகிராமில் 2200 எழுத்துவரை இடம் உண்டு, ஆனால் திறக்காமல் தெரிவது முதல் ஒன்றிரண்டு வரிதான். தமிழில் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுவதால் நினைத்ததைவிடச் சீக்கிரம் இடம் தீரும். அதனால் நிலையும், டாக்டர் வரி இருக்கிறது என்ற தகவலும் தொடக்கத்திலேயே வரட்டும். என்னுடைய கடைசி வடிவம்:

> ஞாயிறு காலை 6:30, ஒரு மணி நேர யோகா. புதியவர்களுக்கு. கண், பிபி, முதுகுப் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கீழே படித்துவிட்டு வாருங்கள்.
>
> உதவியில்லாமல் தரையில் உட்கார்ந்து எழ முடியணும், கையையும் முழங்காலையும் ஊன்றி ஒரு நிமிடம் இருக்க முடியணும். அது போதும். நாற்காலிப் பயிற்சி இந்த வகுப்பில் இல்லை.
>
> பாய், தண்ணீர், மடித்து வைக்க ஒரு பெரிய துண்டு. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டையும் மருந்தையும் மாற்ற வேண்டாம், இனிப்பாக ஏதாவது கையில் வைத்திருங்கள்.
>
> க்ளாகோமா, விழித்திரைப் பிரச்சினை, கட்டுக்குள் வராத பிபி, குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுவது, டிஸ்க், எலும்பு அடர்த்தி குறைவு, இதய நோய், கர்ப்பம், அண்மையில் அறுவை: இதில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள், "தலையை இடுப்புக்குக் கீழே கொண்டுபோகலாமா, முன்னால் குனியலாமா?" என்று. பதிலை வகுப்புக்கு முன் எங்களிடம் தனியாகச் சொல்லுங்கள், மாற்று உண்டு.
>
> இன்று காய்ச்சல், தலைசுற்றல் என்றால் ஓய்வெடுங்கள். நெஞ்சுவலி என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

போடுவதற்கு முன் யோகா பக்கமே வராத ஒருவரிடம் காட்டி, "நீ வரலாமா, என்ன எடுத்துட்டு வருவ?" என்று கேளுங்கள். நான் என் மாமாவிடம் காட்டினேன். முழுதும் படித்துவிட்டு, "பிபி கட்டுக்குள்ள இருக்கு, ஆனா முழங்கால் மாத்துன ஆபரேஷன் நாலு வருஷம் ஆச்சு, அது அண்மையில் இல்லையே, அப்ப நான் வரலாம்ல?" என்றார். மாற்று மூட்டோடு முழங்காலை ஊன்றி நிற்பது எல்லோருக்கும் ஒத்துவராது. "அண்மையில் அறுவை" என்பதற்குப் பக்கத்தில் "எப்போது செய்திருந்தாலும் மூட்டு மாற்று" என்று சேர்த்துவிட்டுத்தான் போட்டேன்.