ஊராட்சிக் கணக்குத் தணிக்கை: பாஸ்புக்கில் தொடங்கி சாலையில் முடிப்பது

முதல்முறை ஊராட்சிக் கணக்கைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ரொக்கப் புத்தகத்தைத்தான் முதலில் திறப்பார்கள். நான் வங்கிப் பாஸ்புக்கைத்தான் முதலில் கேட்பேன். ரொக்கப் புத்தகம் ஊராட்சிச் செயலர் எழுதியது. பாஸ்புக்கை எழுதியது வங்கி.

தமிழ்நாட்டில் ஊராட்சிக்கு முக்கியமாக மூன்று வங்கிக் கணக்குகள் இருக்கும். வரியும் பொது வருவாயும் முதல் கணக்கில். மின்கட்டணம், குடிநீர்க் கட்டணத்துக்கு இரண்டாவது. திட்ட நிதிக்கு மூன்றாவது. மூன்றையும் கலக்காமல் தனித்தனியாகப் பாருங்கள்.

முதல் படி: மார்ச் 31 இருப்பு

இணையவழி வசூலுக்கு முந்தைய ஓர் ஆண்டின் முதல் கணக்கை எடுத்துக்கொள்வோம். ரொக்கப் புத்தகத்தில் வங்கி இருப்பு 2,14,600 ரூபாய், பாஸ்புக்கில் 2,96,400. வித்தியாசம் இருப்பது தவறல்ல. அதற்குக் காரணம் சொல்ல முடியாவிட்டால்தான் தவறு. காரணங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்போம்:

```
ரொக்கப் புத்தக இருப்பு             2,14,600
+ பணமாக்கப்படாத காசோலைகள்         83,000
+ பதியாமல் விட்ட வங்கி வட்டி        1,200
- வங்கியில் வரவாகாத வசூல்           2,400
= பாஸ்புக் இருப்பு                  2,96,400
```

கணக்கு நேராகிவிட்டது என்று பலர் இங்கேயே மூடிவிடுவார்கள். அந்த 2,400 ரூபாயை விடாதீர்கள். மார்ச் 28-ல் வீட்டு வரி வசூலை வங்கியில் கட்டியதாக ரொக்கப் புத்தகம் சொல்கிறது. ஏப்ரல் மாதப் பாஸ்புக்கைப் புரட்டினால் 17-ம் தேதிதான் பணம் ஏறியிருக்கிறது. ரொக்கமாகக் கட்டிய பணம் அன்றே ஏறிவிடுமே! இருபது நாள் அது யார் கையில் இருந்தது? தணிக்கையில் இதற்குத் தற்காலிகக் கையாடல் என்று பெயர். வங்கிச் சலானில் உள்ள முத்திரைத் தேதியைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பிறகு ரசீதுப் புத்தக அடிக்கட்டைகளை வரிசை எண்படி கூட்டுங்கள். நடுவில் எண் விடுபட்டிருந்தால் அந்தப் புத்தகத்தையே கேட்டு வாங்குங்கள். "தேடித் தருகிறோம்" என்று பதில் வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஒரு வேலைப் பட்டியல்

வேலைக்குப் பணம் கேட்டு வந்த எல்லாப் பட்டியலையும் பார்க்க நேரம் இருக்காது. பெரிதாக ஒன்றை எடுத்து அடிவரை போவதே மேல். மூன்றாவது கணக்கில் ஒரு சிமெண்ட் சாலைக்கு 2,70,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிர்வாக அனுமதி, மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக் எனும் அளவுப் புத்தகம், பட்டியல் ஆகியவற்றைத் தேதி வரிசையில் மேசைமேல் பரப்புங்கள். பணி ஆணைக்கு முந்தைய தேதியில் எம்-புக்கில் அளவு ஏறியிருந்தால், வேலையை முடித்துவிட்டுக் காகிதத்தைப் பின்னால் தயாரித்திருக்கிறார்கள்.

எம்-புக்கில் நீளம் 100 மீட்டர், அகலம் 3, கனம் 0.15, ஆக 45 கனமீட்டர். ஒரு கனமீட்டருக்கு 6,000 ரூபாய். மதிப்பீட்டிலும் அதே 100, 3, 0.15. இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வரும். மண்மேல் போட்ட சாலை மதிப்பீட்டோடு மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்துவது அபூர்வம். அளக்காமல் மதிப்பீட்டைப் பார்த்தே எம்-புக் எழுதுவதும் உண்டு.

டேப்போடு போனால், நடுவே 8 மீட்டர் பழைய சிறுபாலம். அதன்மேல் புதிய கான்கிரீட்டே போடவில்லை, ஆனால் நீளத்தில் அதையும் சேர்த்துவிட்டார்கள். எனவே உண்மையான நீளம் 92 மீட்டர். ஓரத்தில் மண்ணைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் கனம் 12 செ.மீ. தான். ஒரே இடத்தில் அளந்துவிட்டு எழுதாதீர்கள். அங்கே மட்டும் தரை மேடாக இருந்திருக்கலாம். சில இடங்களில், பொறியாளரையும் உடன் வைத்துக்கொண்டு அளந்து, எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஓரத்துக் கனத்தை அவர் மறுத்தால், துளையிட்டு மாதிரி எடுத்துத்தான் தீர்க்க வேண்டும். எங்கும் 12 செ.மீ. என்றே உறுதியானால் 33.12 கனமீட்டர்தான் வரும். கூடுதலாகக் கொடுத்தது 11.88 கனமீட்டருக்கு, 71,280 ரூபாய்.

மூன்றாம் படி: பணம் எந்த நிதியிலிருந்து?

அளவு சரியாக இருந்தாலும் இந்தக் கேள்வி பாக்கி. 15-வது நிதிக்குழு மானியத்தில் 2021-22 முதல் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டுப்படுத்தப்பட்டது. சாலைக்கு அந்தப் பங்கில் இடமில்லை. மானியம் விடுவித்த ஆணையில் எந்தப் பங்கு என்று இருக்கும். அந்தத் தொகை பாஸ்புக்கில் ஏறிய தேதியையும் ரொக்கப் புத்தக வரவையும் ஒப்பிட்டு, சாலைக்கான பணம் எந்தப் பங்கிலிருந்து போனது என்று பாருங்கள். "மானியம் வரவு" என்று ஆணை எண் இல்லாமல் எழுதியிருந்தால் இது முடியாது. அதுவே தனித் தணிக்கை ஆட்சேபணை.

எழுதும்போது

"மோசடி" என்ற சொல்லைத் தொடாதீர்கள். செலவுச்சீட்டு எண், தேதி, எம்-புக் பக்கம், அங்கே உள்ள அளவு, களத்தில் கண்ட அளவு, கூடுதல் தொகை ஆகியவற்றை வரிசையாக எழுதி, விளக்கம் கேளுங்கள். பதில் வரும்வரை எம்-புக் பக்கத்தின் நகல் உங்களிடம் இருக்கட்டும். அசலில் பின்னால் திருத்தம் ஏறியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.