வீடு மாறும்போது பிள்ளைகளிடம் எதைக் கேட்பது?

வாடகை வீடு மாற வேண்டி வந்தபோது, 15 வயதுப் பெரியவள் "எல்லாம் முடிவு பண்ணிட்டு எங்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். நியாயமான கேள்வி. அதனால் எது முடிந்துபோனது, எது இன்னும் பேசி மாற்றக்கூடியது என்று பிரித்துச் சொன்னோம்: மாறுவது உறுதி, வாடகை இவ்வளவுக்கு மேல் போகாது, அதற்குள் எந்த வீடு என்பதில் அவள் பேச்சும் கணக்கில் வரும். பார்த்து வைத்திருந்த இரண்டு வீடுகளின் வாடகை, பள்ளிக்கு ஆகும் நேரம் எல்லாவற்றையும் அவளிடமே கொடுத்தோம். அறை சின்னதானாலும் பள்ளிக்கு ஒரே பஸ்ஸில் போகலாம் என்று காரணத்தோடு ஒரு வீட்டைச் சொன்னாள், அதையே எடுத்தோம்.

9 வயதுக்காரனுக்கு அவ்வளவு விவரம் பாரம். என்ன கவலை என்று மட்டும் கேட்டோம்; பழைய நண்பர்களை எப்போது பார்ப்பது என்றான், சனிக்கிழமை என்று நாள் குறித்துக் கொடுத்தோம்.

4 வயதுச் சின்னவளிடம் கட்டில் ஜன்னலோரமா, சுவரோரமா என்று கேட்டால் போதும். எந்த வீடு வேண்டும் என்று அவளிடம் கேட்கவே கூடாது, சொன்னது நடக்காவிட்டால் அடுத்த முறை நம் கேள்வியையே நம்பமாட்டாள்.

கடன், அப்பா அம்மா சண்டை இவற்றில் மட்டும் எந்த வயதுப் பிள்ளையிடமும் தீர்ப்புக் கேட்பதில்லை. பெரியவளுக்குத் தேவையானதைத் தெரிவிப்பதோடு சரி.