தாமதமான வீட்டுக்கு இழப்பீட்டைக் கணக்கிட்டது: என் அனுபவம்

ஒப்பந்தப்படி 2019 ஜூன் 30 அன்று தரவேண்டிய அடுக்ககம் தாமதமானதால், நுகர்வோர் ஆணையத்தில் அளித்த புகாரில், ஒவ்வொரு தவணைக்கும் அதைச் செலுத்திய நாளிலிருந்தே வட்டி போட்டு, வாடகை இழப்பையும் தனியாகச் சேர்த்திருந்தேன். தொகை பெரிதாகத் தெரிந்ததே தவிர, கணக்கு நிற்கவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்பவர்தான் செலுத்திய நாளிலிருந்து வட்டி கேட்பது வழக்கம். நானோ வீட்டை வாங்கிக்கொள்ளப்போகிறவன். மேலும், ஒரே தவறுக்குப் பல தலைப்புகளில் இழப்பீடு தருவது நியாயமல்ல என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. ஆகவே வாடகையை நீக்கினேன்.

வட்டி விகிதத்துக்கு, 2020 ஆகஸ்டில் பெங்களூரு அடுக்ககங்கள் தொடர்பான வழக்கில் அதே நீதிமன்றம் தாமதத்துக்கு வழங்கிய 6 சதவீதத் தனிவட்டியைப் பின்பற்றினேன். கெடுவுக்கு முன் நான் கட்டியது 40 லட்சம். அதற்குக் கெடு நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்கு 4,80,000 ரூபாய். கெடு கடந்து 2019 டிசம்பர் 30 அன்று கட்டிய 6 லட்சத்துக்கு, கட்டிய நாளிலிருந்து ஒன்றரை ஆண்டுக்கு 54,000 ரூபாய். ஆக மொத்தம் 5,34,000.

வட்டிக் கணக்கின் முடிவு நாள் எது என்பதைப் பற்றித்தான் எதிர்த்தரப்பு வாதாடியது. 2021 பிப்ரவரியிலேயே சாவி பெற அழைத்ததாக அவர்கள் காட்டிய கடிதத்துடன் பணிநிறைவுச் சான்று இல்லை (அந்தக் கடிதத்தை நம்பி நானும் ஒருமுறை அந்த மாதத்துடன் கணக்கை முடித்திருந்தேன்). சான்று கிடைத்தபின் 2021 ஜூன் 30 அன்று வந்த அழைப்பையே முடிவு நாளாகக் கொண்டு, திருத்திய பட்டியலுடன் வங்கி அறிக்கையையும் இணைத்துத் தாக்கல் செய்தேன்.