இரண்டு 'மற்றவை' ஒரே பெட்டியாகிவிட்ட கதை

எங்கிருந்து எங்கே எவ்வளவு போகிறது என்று வரிவரியாக எழுதினால் அதைக் கோடுகளும் பெட்டிகளுமாக வரைந்து தரும் SankeyMATIC என்ற இணையக் கருவியில் வீட்டு பட்ஜெட்டை வரைந்தபோது, வீட்டுச் செலவிலிருந்து ஒரு கோடும் பயணச் செலவிலிருந்து ஒரு கோடும் குறுக்கே பாய்ந்து ஒரே பெட்டியில் போய்ச் சேர்ந்தன. பெட்டியில் 15 என்று இருந்தது, அது எந்தச் செலவென்று பார்த்ததும் சொல்ல முடியவில்லை. வரிகளின் வரிசையை மாற்றினேன், நிறம் கொடுத்தேன், கூட்டலையும் சரிபார்த்தேன். எல்லாம் பொருந்தியது, அதனால்தான் நாட்கள் வீணாயின: கணக்கு இடிக்காததால் கருவி எந்த எச்சரிக்கையும் தரவில்லை.

காரணம் பெயர்தான். ஒரே பெயர் எத்தனை வரியில் வந்தாலும் அது ஒரே பெட்டி. வீட்டின் கீழ் 10, பயணத்தின் கீழ் 5, இரண்டையும் 'மற்றவை' என்றே எழுதியிருந்தேன். பெயரைப் பிரித்ததும் கோடுகள் விலகிவிட்டன:

```
வருமானம் [40] வீடு
வருமானம் [20] பயணம்
வருமானம் [*] சேமிப்பு
வீடு [30] வாடகை
வீடு [10] வீடு-மற்றவை
பயணம் [15] எரிபொருள்
பயணம் [5] பயணம்-மற்றவை
வேலை [100] வருமானம்
```

அப்புறம், [*] என்பது மிச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும், இங்கே 40. வசதிதான், ஆனால் ஒரு செலவை எழுத மறந்தால் அதுவும் சத்தமில்லாமல் சேமிப்பில் சேர்ந்துவிடும், அதனால் அந்த எண்ணை மட்டும் வங்கிக் கணக்கு இருப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.