வெறும் மெசேஜ்களால் ஒரு சிறுகதை: பத்து வருஷம் பேசாமல் இருந்த இரண்டு தோழிகள்

கல்லூரியில் ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்த இரண்டு பேர், ஒரு மனக்கசப்பில் பிரிந்து, பத்து வருஷம் கழித்து வாட்ஸப்பில் மெல்ல மெல்லப் பேசத் தொடங்குகிறார்கள். கதை முழுக்க அவர்கள் அனுப்பிய மெசேஜ்கள் மட்டும்தான், நடுவில் விவரிக்க யாரும் கிடையாது. இதை எப்படி எழுதுவது என்று ஒரே கதையை வைத்துக் காட்டுகிறேன். ஆட்கள் முத்துலட்சுமியும் ஜெனியும். இருவரும் திருநெல்வேலிப் பக்கம், 2011இல் பொறியியல் சேர்ந்து 2015இல் முடித்தவர்கள்.

முதல் படி: காயத்தை ஒரே வரியில் எழுதி ஒளித்து வையுங்கள்

நான் எழுதி வைத்த வரி இது: "2015 ஆகஸ்டில் ஜெனியின் அப்பா இறந்தார், முத்து வரவில்லை, போனும் செய்யவில்லை." காரணம் பெரிதாக எதுவும் இல்லை. முத்து அப்போதுதான் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள், லீவு கேட்கப் பயந்தாள். முதல் மாதம் போகாததற்கு வெட்கம், அப்புறம் இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்கே வெட்கம், அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

விபத்து, தொலைந்த கடிதம், யாரோ இடையில் புகுந்து மூட்டிவிட்டார்கள் என்றெல்லாம் காரணம் வைத்தால் முத்து மேல் தப்பே இல்லாமல் போய்விடும், அப்புறம் மன்னிப்பதற்கு ஒன்றும் இருக்காது. தப்பு உண்மையாகவே அவளுடையதாக இருக்கட்டும். இந்த வரி கதையில் பாதிக்கு மேல் போன பிறகுதான் வெளியே வர வேண்டும்.

இரண்டாம் படி: முதல் மெசேஜுக்கு ஒரு பொருள் வேண்டும்

பத்து வருஷம் கழித்து யாரும் "என்னை மன்னித்துவிடு" என்று தொடங்குவதில்லை. ஏதாவது ஒரு சாக்கு தேவைப்படும். நான் எடுத்துக்கொண்டது, முதல் வருஷம் கிராஃபிக்ஸ் வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போவோமே, வரைபலகையில் க்ளாம்ப் போட்டுப் பொருத்திக் கோடு இழுக்கும் அந்த ட்ராஃப்டர்.

9 மார்ச் 2025, ஞாயிறு
முத்து (காலை 11:42): பரண் ஒதுக்கும்போது ஒரு ட்ராஃப்டர் கிடைச்சுது. ஸ்கேல்ல காம்பஸ் முள்ளால ஜெனின்னு கீறியிருக்கு.

12 மார்ச், புதன்
ஜெனி (இரவு 9:15): யாரு?
முத்து (இரவு 9:16): முத்துலட்சுமி.

14 மார்ச், வெள்ளி
ஜெனி (காலை 6:50): வச்சுக்கோங்க. இங்க யாருக்கும் தேவைப்படாது.

நேரத்தைப் பாருங்கள். ஜெனி மூன்று நாள் எடுத்துக்கொள்கிறாள், முத்து ஒரே நிமிஷத்தில் பதில் போடுகிறாள். யார் காத்திருக்கிறார்கள் என்று எங்கேயும் எழுதாமலே தெரிந்துவிடுகிறது. எழுதத் தொடங்கும் முன்பே ஒரு தாளில் தேதிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த இரண்டு மெசேஜுக்கு நடுவில் எத்தனை நாள் என்பதுதான் இந்தக் கதைக்கு எலும்பு. எல்லாப் பதிலும் சில நிமிஷங்களில் வந்துவிட்டால் அது வெறும் உரையாடல், பத்து வருஷப் பிரிவு அதில் தெரியாது.

மூன்றாம் படி: எப்படி அழைக்கிறார்கள்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம், தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கையிலேயே இருக்கும் கருவி. மேலே உள்ள மெசேஜ்களை இன்னொரு முறை படியுங்கள். முத்து முதல் மெசேஜில் "நீ" என்றும் சொல்லவில்லை, "நீங்க" என்றும் சொல்லவில்லை. எப்படி அழைப்பது என்று தெரியாதபோது நாம் எல்லோரும் செய்வதுதான் அது, அழைக்கவே அழைக்காமல் வாக்கியத்தை முடித்துவிடுவோம். ஜெனியோ "வச்சுக்கோங்க" என்கிறாள். ஒரே தட்டில் சாப்பிட்டவள் சொல்லும்போது அந்த மரியாதை எந்தத் திட்டையும் விட வலிக்கும்.

ஆகவே கதையின் போக்கை இப்படிப் பிரித்துக்கொண்டேன்: மார்ச்சில் "ங்க", மே மாதம் யாரும் யாரையும் அழைக்காத பேச்சு, ஆகஸ்டில் "நீ", கடைசியில் ஒரே ஒருமுறை "ஏட்டி". நெல்லைப் பக்கம் தோழிகள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் சொல் அது. உங்கள் ஆட்கள் வேறு ஊர் என்றால் அந்த ஊர்ச் சொல்லைப் போடுங்கள். ஒரு படியை எட்டிய பிறகு ஒருமுறையாவது கீழே இறங்கவும் விடுங்கள், கோபம் ஒரே நேர்க்கோட்டில் தணியாது.

18 மே, ஞாயிறு
ஜெனி (மாலை 4:05): சித்தி பையன் பாலிடெக்னிக் சேரப்போறான். அதுல க்ளாம்ப் இருக்கா?
முத்து (மாலை 4:05): இருக்கு. ஸ்க்ரூதான் துருப்பிடிச்சு இறுகிட்டு. தேங்காய் எண்ணெய் விட்டு வச்சிருக்கேன்.

நான்காம் படி: இருவருக்கும் தெரிந்ததை அவர்களே சொல்லக் கூடாது

புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். "நாம ரெண்டு பேரும் நாலு வருஷம் ஒரே ரூம்ல இருந்தோமே, உங்க அப்பா இறந்தப்ப நான் வரலையே" என்று எந்தத் தோழியும் தோழிக்கு எழுத மாட்டாள், அது வாசகருக்காக எழுதியது. சந்தேகம் வந்தால், இந்த வரி மற்றவளுக்குப் புதிய செய்தியா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடித்துவிடுங்கள், அல்லது பாதியாக வெட்டுங்கள்.

2 ஆகஸ்ட், சனி
முத்து (இரவு 11:08): இந்த மெசேஜ் நீக்கப்பட்டது
முத்து (இரவு 11:20): நாளைக்கு அப்பா நினைவு நாள்லா.
ஜெனி (இரவு 11:31): உனக்கு ஞாபகம் இருக்கா.
முத்து (இரவு 11:33): சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆயிருந்துச்சு. லீவு கேட்டா வேலை போயிருமோன்னு பயம். கேக்கவே இல்ல.

3 ஆகஸ்ட், ஞாயிறு
ஜெனி (மதியம் 2:40): பெட்டிய மூடுன பொறவும் நான் வாசலப் பாத்துட்டுதான் நின்னேன்.
ஜெனி (மதியம் 2:52): மார்ச்ல யாருன்னு கேட்டேன்லா. நம்பர் தெரியும்.

"மன்னிச்சிரு" என்று முத்து சொல்லவில்லை. முதலில் எழுதியபோது சொல்ல வைத்திருந்தேன், அந்த ஒரு சொல் வந்ததும் ஜெனிக்கு "பரவால்ல" என்பதைத் தவிர வேறு பதில் இல்லாமல் போனது, எடுத்துவிட்டேன். நீக்கிய மெசேஜ் ஒன்று போதும். இரண்டாவது வந்தால் தந்திரம் போலத் தெரியும். "டைப் செய்கிறார்" என்பதையும் போடாதீர்கள், பழைய உரையாடலைத் திறந்து பார்த்தால் அது பதிந்திருக்காது. போய்ச் சேர்ந்த மெசேஜும் நேரமும் மட்டும்தான் உங்களிடம் உண்டு.

ஐந்தாம் படி: உச்சத்துக்குப் பிறகு ஓர் இடைவெளி, அப்புறம் பழைய பொருள்

அழுத்தமான இடம் முடிந்ததும் இருவரையும் உடனே சிரிக்க வைக்காதீர்கள். மூன்று வாரம் எதுவுமே இல்லாமல் விட்டேன்.

24 ஆகஸ்ட், ஞாயிறு
ஜெனி (காலை 10:17): பையனுக்குப் புதுசு வாங்கியாச்சு.
ஜெனி (காலை 10:18): ஏட்டி, அந்த ஸ்க்ரூ கழண்டுச்சா?

அவளுக்கு அந்த ட்ராஃப்டர் இப்போது தேவையே இல்லை, ஆனாலும் கேட்கிறாள்.

எழுதி முடித்ததும் பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு சத்தமாகப் படியுங்கள். எது யார் பேச்சு என்று தடுமாறினால் நடையைப் பிரிக்க வேண்டும். என் கதையில் முத்து விவரம் சொல்லி எழுதுகிறவள், ஜெனி சின்னச் சின்ன வரியாக வெட்டி அனுப்புகிறவள். அப்புறம் கடைசி மெசேஜுக்கு வாருங்கள். நான் முத்துவுக்கு எழுதிய பதில் "கழண்டுட்டு. சனிக்கிழமை ஊருக்கு வாறேன், கொண்டு வரட்டா?" என்று இருந்தது. இரண்டு நாள் கழித்துப் படித்தபோது இரண்டாவது வாக்கியத்தை அடித்துவிட்டேன். இப்போது கதை இப்படி முடிகிறது:

முத்து (காலை 10:18): கழண்டுட்டு.